தெள்ளுப்பூச்சியும் பூனைக்குட்டியும்

"அக்கா, எங்க ஊர் வேலந்தாவளம். பிரான்ஸ்ல லியோனுக்கு வந்து மூணு மாசம் ஆச்சு. ரெண்டு வயசுப் பொண்ணைக் காப்பகத்துல விடறோம். அங்க இருக்கற அம்மா அவளை 'மா பூஸ்'னு கூப்பிடறாங்க. அகராதியில பாத்தா 'என் தெள்ளுப்பூச்சி'ன்னு போட்டிருக்கு. சண்டை போடலாமா, விட்றலாமா? நாம வீட்ல கழுதை, கருவாச்சின்னு கொஞ்சறோமே, அதையெல்லாம் இங்க பிரெஞ்சுல சொல்லலாமா?"

சண்டையெல்லாம் வேண்டாம் கண்ணு. அந்தம்மா உங்க பொண்ணைக் கொஞ்சத்தான் செய்கிறார். நானும் கொழிஞ்சாம்பாறைதான். பதினாறு வருஷத்துக்கு முன்னால் என் மகளை இதே சொல்லால் கூப்பிட்டபோது எனக்கும் சுருக்கென்றது. தெள்ளு என்றால் நமக்கு நாயும் சொறியும்தானே நினைவுக்கு வரும். பிரெஞ்சுக்காரர் காதில் அந்தச் சொல்லில் பூச்சி இல்லை, பொடிசு என்பது மட்டும்தான் இருக்கிறது. சின்னஞ்சிறிசாக இருக்கும், துள்ளும், அவ்வளவுதான். செல்போனில் போடுகிற சிம்முக்கும், கணினிச் சில்லுக்கும் அவர்கள் பூஸ் என்றுதான் சொல்கிறார்கள். நாம் வாண்டு, சுண்டெலி என்கிறோமே, அந்த வகை.

பிரெஞ்சில் திட்டையும் கொஞ்சலையும் பிரித்துக் காட்டுவது பெரும்பாலும் மிருகம் இல்லை, அதற்கு முன்னால் நிற்கும் சொல்தான். 'மா', 'மோன்' இரண்டுக்கும் 'என்' என்று பொருள். (பாலக்காட்டு எல்லைக்காரர்களான நமக்கு மோன் என்றதும் மலையாளத்து மகன்தான் நினைவுக்கு வருவான், எனக்கும் கொஞ்ச நாள் அப்படித்தான் இருந்தது.) அது முன்னால் வந்தால் முயலும் வாத்தும் கோழிக்குஞ்சும் முட்டைக்கோசும்கூடச் செல்லமாகிவிடும். அதே இடத்தில் 'எஸ்பெஸ் த' என்றோ, அழுக்கு என்று பொருள்படும் 'சால்' என்றோ வந்தால் அது திட்டு. முதல் சொல்லைக் கேட்டாலே பாதி தெரிந்துவிடும். மீதி, அந்தம்மா மற்றப் பிள்ளைகளையும் அப்படித்தான் கூப்பிடுகிறாரா என்று இரண்டு நாள் நின்று கேட்டால் தெரியும். ஒன்று மட்டும்: இது குழந்தைகளுக்கும், காதலிக்கும் மனைவிக்கும் சொல்லும் சொல். உங்கள் வீட்டுக்காரர் ஆபீஸில் கூட வேலை செய்கிற பெண்ணிடம் இதைச் சொல்லிப் பார்க்க வேண்டாம்.

'என்' இருந்தால் போதும் என்று நம்பித்தான் நான் ஒருமுறை மாட்டிக்கொண்டேன். வீட்டில் மகளைப் பூனைக்குட்டி என்றுதான் கொஞ்சுவேன். பிரெஞ்சு கொஞ்சம் பிடிபட்ட தைரியத்தில், பள்ளிக்கூட வாசலில் அவள் ஓடி வந்தபோது, 'என் குட்டிப் பூனை' என்று நானே மொழிபெயர்த்துக் கூப்பிட்டேன். மகள் பெண்பிள்ளை, எனவே பெண்பாலில்தான் சொல்ல வேண்டும் என்று யோசித்து, 'மா பெத்தித் ஷாத்' என்றேன். இலக்கணத்தில் ஒரு பிழை இல்லை. சுற்றி நின்ற தாய்மார் முகமெல்லாம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. ஒருவர் இருமினார், இன்னொருவர் கைப்பைக்குள் எதையோ தேட ஆரம்பித்தார். பக்கத்து வீட்டுப் போர்த்துகீசுக்கார அம்மாதான் வழியில் தணிந்த குரலில் சொன்னார்: 'ஷாத்' என்ற பெண்பூனை பேச்சுவழக்கில் பெண்ணுறுப்பைக் குறிக்கும் கொச்சை. பெண்குழந்தையையும் 'மோன் ஷா' என்று ஆண்பாலில்தான் கொஞ்ச வேண்டுமாம். அல்லது 'மோன் ஷத்தோன்', பூனைக்குட்டி. அதில் ஆபத்து இல்லை.

அன்றைக்கு ராத்திரி எனக்குச் சிரிப்பு வந்தது, ஏனென்றால் இதே கூத்தை ஊரில் பார்த்திருக்கிறேன். எங்கள் பக்கத்து வீட்டு மலையாளத்துப் பாட்டி, காலேஜ் போகிற பேரனை வாசலில் நின்று 'குஞ்ஞே, குஞ்ஞே' என்று கூப்பிடுவார். மலையாளத்தில் குஞ்ஞு என்றால் குழந்தை, அதையே பேராக வைத்துக்கொண்ட பெரிய மனிதர்கள் எத்தனையோ பேர். லீவுக்கு வந்திருந்த திருநெல்வேலிச் சித்தி அதைக் கேட்டுவிட்டு, "ஏட்டி, இந்தக் கிழவி என்னத்தைச் சொல்லிக் கூப்பிடுதா?" என்று முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே ஓடியதை நான் மறக்கவே மாட்டேன். திருப்பி நாமும் கவனமாக இருக்க வேண்டியிருந்தது. மதுரைப் பக்கம் பாண்டி என்பது ஆசையாகக் கூப்பிடும் பேர். பாலக்காட்டைத் தாண்டிப் போனால் தமிழனை மட்டம் தட்ட அதையேதான் எடுப்பார்கள்.

கழுதை விஷயம் சின்னது. தமிழில் "போடி கழுதை" என்றால் குரலைப் பொறுத்துக் கொஞ்சலாகும். இங்கே கழுதை என்றால் முட்டாள், அதிலும் பள்ளிக்கூட முட்டாள். மக்குப் பிள்ளையின் தலையில் கழுதைக்காதுத் தொப்பி மாட்டி மூலையில் நிற்கவைத்த காலம் ஒன்று இருந்தது, தொப்பி போய்விட்டாலும் பேச்சில் இருக்கிறது. டீச்சர் முன்னால் சொன்னால் பிள்ளையைப் படிப்பு வராதவள் என்று நீங்களே சொன்னதாகப் படும். குரங்கு, உங்கள் வீட்டுக்குள் பரவாயில்லை. ஆனால் மகளோடு விளையாடுகிற கறுப்பினப் பிள்ளையைப் பார்த்து அந்தச் சொல்லை விளையாட்டுக்கும் எடுக்காதீர்கள். கால்பந்து மைதானங்களில் கறுப்பின வீரர்களைப் பார்த்துக் குரங்குபோலக் கத்தி அவமானப்படுத்திய கதை இங்கே எல்லாருக்கும் தெரியும்.

கருவாச்சியை வீட்டு வாசப்படியோடு நிறுத்திவிடுங்கள். தமிழில்கூட அது எல்லாப் பிள்ளைக்கும் இனிக்கிற சொல் இல்லை, என் மகளே பத்து வயதில் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். மொழிபெயர்த்தால் என்ன ஆகும் என்பதற்கு உருகுவே வீரர் எடின்சன் கவானியின் கதை போதும். 2020 நவம்பரில், மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு ஆடி இரண்டு கோல் போட்ட நாளில், வாழ்த்திய நண்பருக்கு இன்ஸ்டாகிராமில் 'கிராசியாஸ் நெக்ரித்தோ' என்று பதில் போட்டார். 'நன்றி கருப்பா' என்று சொல்வதுபோல. அவர் ஊரில் நிறம் பார்க்காமல் நண்பர்களைக் கூப்பிடுகிற சொல் அது. இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கத்துக்கு அது இனத்தை இழுக்கிற சொல்லாகப் பட்டது. அவர் பதிவை நீக்கினார், மன்னிப்பும் கேட்டார். ஆனாலும் மூன்று ஆட்டத் தடையும் 1,00,000 பவுண்டு அபராதமும் விழுந்தன. உருகுவேயின் மொழிக் கழகமே, எங்கள் சொல்லின் பொருள் தெரியாமல் தண்டித்துவிட்டார்கள் என்று கண்டன அறிக்கை விட்டது. இரண்டு பக்கமும் அவரவர் மொழியில் சரியாகத்தான் கேட்டிருக்கிறார்கள் என்பது என் எண்ணம். ஆனால் அபராதம் கட்டியது சொன்னவர்தான்.

அதனால் பிரெஞ்சில் கொஞ்ச வேண்டுமென்றால் அவர்கள் சொல்வதையே எடுத்துக்கொள்ளுங்கள்: 'மோன் கேர்' (என் இதயமே), 'மோன் த்ரெஸோர்' (நம்ம தங்கம் மாதிரி). தமிழில் கொஞ்ச வேண்டுமென்றால் தமிழிலேயே கொஞ்சுங்கள், யாரும் ஒன்றும் சொல்லப்போவதில்லை. காப்பகத்தம்மாவிடம் "வீட்டில் இவளை அம்முணி என்போம்" என்று சொல்லிப் பாருங்கள். 'அமுனி' என்றாவது கூப்பிடுவார்.

உங்கள் வீட்டுக்காரர் மகளை "வாம்மா", "என்னம்மா" என்று கூப்பிடுகிறவரானால், ஏன் அப்பா மகளை அம்மா என்கிறார் என்று ஒருநாள் கேட்பார்கள். எங்களிடமும் கேட்டார்கள். நான் திணறிக்கொண்டிருந்தபோது, பிள்ளையை அழைக்க வந்த லெபனான் பெண்மணி ஒருவர் குறுக்கே வந்து, எங்கள் ஊரிலும் தாய் தன் பிள்ளையை மாமா என்றுதான் கூப்பிடுவாள், அதற்கு அம்மா என்றுதான் பொருள் என்று விளக்கினார். மகனைக் கூப்பிட்டாலும் அப்படியேதானாம்.