சின்ன ஜிம்முக்குக் கார்டு நுழைவுப் பதிவை நாமே செய்துகொள்வது எப்படி?

கேள்வி: எங்கள் ஊரில் சின்ன ஜிம் நடத்துகிறேன், 200 பேர் இருப்பார்கள். கார்டு தேய்த்தால் வந்த நேரம் பதிவாக வேண்டும், கெடு முடிந்தவர் யார் என்று உடனே தெரிய வேண்டும். மாதாமாதம் காசு கேட்கும் சாப்ட்வேர் வேண்டாம். கொஞ்சம் புரோகிராமிங் தெரியும். எப்படிச் செய்வது?

---

காந்தப் பட்டையை இழுத்துத் தேய்க்கும் கார்டு ஜிம்முக்குச் சரிப்படாது. வியர்வைக் கையோடு இழுத்து இழுத்துப் பட்டையும் அழுக்காகும், ரீடரும் அழுக்காகும். 125 கிலோஹெர்ட்ஸ் ஆர்எஃப்ஐடி கார்டும் அதற்கான யூஎஸ்பி ரீடர் ஒன்றும் வாங்குங்கள். கார்டைப் பக்கத்தில் காட்டினாலே போதும். இந்த ரீடரைக் கம்ப்யூட்டர் ஒரு கீபோர்டாகத்தான் நினைத்துக்கொள்ளும். கார்டைக் காட்டியதும் 10 இலக்க எண் ஒன்றைத் தட்டி என்டரை அழுத்தும், அவ்வளவுதான் அதன் வேலை. நோட்பேடைத் திறந்து வைத்துக் காட்டிப் பாருங்கள், தெரியும்.

கீபோர்டு என்பதால் ஒரு தொல்லையும் உண்டு. கர்சர் எங்கே இருக்கிறதோ அங்கேதான் எண் விழும். வரவேற்பு மேசைக் கம்ப்யூட்டரில் வாட்ஸ்அப் திறந்திருந்தால் மெம்பரின் கார்டு எண் யாருக்கோ மெசேஜாகப் போய்விடும், பதிவிலும் ஏறாது. அதனால் நுழைவுக்கென்று தனியாக ஒரு பழைய கம்ப்யூட்டரையோ ராஸ்பெரி பையையோ ஒதுக்கி, முழுத்திரையில் இந்த ஒரு புரோகிராமை மட்டும் ஓட விடுங்கள்.

கார்டின் மேல் `0007654321 116,52145` என்கிற மாதிரி அச்சடித்திருக்கும். இரண்டும் ஒரே எண்தான்: 116 × 65536 + 52145 = 7654321. சில ரீடர்கள் முதல் வடிவத்தைத் தட்டும், சில இரண்டாவதை `11652145` என்று சேர்த்துத் தட்டும். பழைய ரீடர் பழுதாகி வேறு வகை ஒன்றை மாட்டினால் அன்று காலை வருகிற எல்லோரும் ‘தெரியாத கார்டு’ ஆகிவிடுவார்கள். ஒரே மாடலில் இரண்டு வாங்கி ஒன்றைப் பெட்டியில் வைத்துவிடுங்கள். அந்த எண்ணை எழுத்தாக (`TEXT`) சேமியுங்கள். எண்ணாகச் சேமித்தால் முன்னால் இருக்கும் பூஜ்யங்கள் போய்விடும். எக்ஸெலும் இதே வேலையைத்தான் செய்யும்.

இனி டேட்டாபேஸ். 200 பேருக்கு எஸ்க்யூலைட் தாராளம். `members`, `cards`, `plans`, `visits` என்று நான்கு அட்டவணைகள். இதில் பலரும் `members` அட்டவணையிலேயே ‘கெடு முடிந்தது: ஆம்/இல்லை’ என்று ஒரு பத்தி வைத்துவிடுகிறார்கள். அதைத் தினமும் யாராவது மாற்ற வேண்டும், இல்லையேல் இரவில் ஒரு புரோகிராம் ஓட வேண்டும். ஒரு நாள் அது ஓடாவிட்டால் பட்டியல் பொய் சொல்லும். எனவே அந்தப் பத்தியே வேண்டாம். ஒவ்வொரு முறை பணம் கட்டும்போதும் `plans`-இல் தொடக்க நாள், கடைசி நாளோடு புதிய வரி ஒன்று சேருங்கள், பழையதைத் திருத்தாதீர்கள். கெடு முடிந்ததா என்பதைக் கார்டு காட்டும் அந்த நொடியில் கணக்கிட்டுக்கொள்ளலாம்:

```sql
SELECT m.id, m.name, MAX(p.end_date) AS last_day,
  MAX(date('now','localtime')
      BETWEEN p.start_date AND p.end_date) AS ok
FROM cards c
JOIN members m ON m.id = c.member_id
LEFT JOIN plans p ON p.member_id = m.id
WHERE c.card_no = ? AND c.active = 1
GROUP BY m.id;
```

`ok` 1 என்றால் பச்சை. 0 அல்லது வெறுமை என்றால் சிவப்பு. வரியே வராவிட்டால் தெரியாத கார்டு.

அதில் இருக்கும் `'localtime'` என்ற ஒரு சொல்லை விட்டுவிடாதீர்கள். அது இல்லாவிட்டால் எஸ்க்யூலைட் உலகப் பொது நேரத்தைத்தான் தரும். அது நம் நேரத்துக்கு ஐந்தரை மணி நேரம் பின்னால். ஒருவருக்கு ஜூன் 14 கடைசி நாள் என்று வையுங்கள். 15ஆம் தேதி காலை 5.10க்கு வருகிறார். டேட்டாபேஸுக்கு அது இன்னும் 14ஆம் தேதி இரவு 11.40. பச்சை எரியும். அதே நேரத்தில் 15ஆம் தேதியிலிருந்து பணம் கட்டிய புதியவர் வந்தால் சிவப்பு எரியும், அவர் சண்டைக்கு வருவார். 5.30க்கு மேல் எல்லாம் தானாகச் சரியாகிவிடும் என்பதால், பத்து மணிக்கு நீங்கள் உட்கார்ந்து சோதித்தால் ஒன்றும் பிடிபடாது. ‘விடியற்காலை வருபவர்களுக்கு மட்டும் தப்பாகக் காட்டுகிறது’ என்று புகார் வந்தால் முதலில் இதைப் பாருங்கள்.

மாதக் கணக்கிலும் எஸ்க்யூலைட் ஒரு குறும்பு செய்யும். `date('2025-01-31','+1 month')` என்று கேட்டால் மார்ச் 3 என்று சொல்லும், பிப்ரவரியில் 31 இல்லாததால் மிச்ச நாட்களை அடுத்த மாதத்தில் தள்ளிவிடுகிறது. மாதத்துக்கு 30 நாள் என்று போர்டில் எழுதிப் போட்டுவிட்டு `+29 days` என்று கணக்கிடுவது எளிது. முதல் நாளும் சேர்த்தி என்பதால் 29.

`visits`-இல் உள்ளே விட்டவர்களை மட்டுமல்ல, காட்டப்பட்ட ஒவ்வொரு கார்டையும் பதியுங்கள்: கார்டு எண், மெம்பர் எண், நேரம், முடிவு. பச்சையா, சிவப்பா, தெரியாததா, மறுமுறையா என்பதுதான் முடிவு. ஒலி கேட்கவில்லை என்று இரண்டு தடவை காட்டுவார்கள், அதனால் அதே கார்டு ஐந்து நிமிடத்துக்குள் திரும்ப வந்தால் ‘மறுமுறை’ என்று குறித்து வருகைக் கணக்கில் சேர்க்காமல் விடலாம். ஆனால் வரியை அழிக்க வேண்டாம்.

சிவப்பு வரிகளை ஏன் வைத்திருக்க வேண்டும் என்றால், புதுப்பிக்கும்போது வரும் வழக்கமான வாக்குவாதத்துக்காக. மேலே சொன்னவரே 15, 17 இரண்டு நாளும் சிவப்பில் வந்து பயிற்சி செய்துவிட்டு 18ஆம் தேதி பணம் கட்டுகிறார். ‘இன்னையிலிருந்து போடுங்க அண்ணா’ என்பார். பதிவைத் திரையில் காட்டி 15ஆம் தேதியிலிருந்து தொடங்கலாம். இடையில் வரவே இல்லை என்றால் 18ஆம் தேதியிலிருந்து கொடுப்பதுதான் நியாயம். இந்த விதியை எழுதி ஒட்டிவிட்டால் வரவேற்பில் இருக்கும் பையன் யாருக்கும் முகம் பார்த்து முடிவு செய்ய வேண்டியதில்லை.

இரண்டு நாள் சலுகை கொடுப்பதாக இருந்தால் கடைசி நாளைத் தள்ளிப்போடாதீர்கள். திரையில் மஞ்சள் காட்டுங்கள், தேதி அப்படியே இருக்கட்டும். தள்ளிப்போட ஆரம்பித்தால் உண்மையான கெடு எது என்று அடுத்த மாதம் உங்களுக்கே தெரியாது.

கார்டு தொலைந்தால் பழைய கார்டின் `active`-ஐ 0 ஆக்கிவிட்டு, அதே மெம்பருக்குப் புது கார்டு சேருங்கள். வருகைகளை மெம்பர் எண்ணோடு பதிந்திருப்பதால் வரலாறு அறுந்துபோகாது. இந்த வகைக் கார்டைச் சந்தையில் நகலெடுக்க முடியும், நண்பனிடம் கார்டைக் கொடுத்து அனுப்புவது அதைவிடச் சுலபம். ஆகவே பெயரோடு போட்டோவும் பெரிதாகத் திரையில் வரட்டும், மேசையில் இருப்பவர் ஒரு பார்வை பார்த்தால் போதும்.

ராஸ்பெரி பை வாங்குவதானால் ஒன்று கவனியுங்கள். மாடல் 4 வரை அதில் பேட்டரியில் ஓடும் கடிகாரம் கிடையாது. கரண்ட் போய் வந்து, இணையமும் இல்லாமல் இருந்தால் அது பழைய நேரத்திலிருந்தே எண்ணத் தொடங்கும். வருகை நேரமும் கெடுவும் இரண்டும் தப்பாகும். டிஎஸ்3231 கடிகாரப் பலகை ஒன்றை மாட்டுங்கள். அதோடு, புரோகிராம் தொடங்கும்போது `visits`-இன் கடைசி நேரத்தைவிடக் கடிகாரம் பின்னால் இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் திரையில் எச்சரிக்கை காட்டச் சொல்லுங்கள்.