ஊடல் வேறு, அடைத்துக்கொள்வது வேறு

அன்புள்ள ஆசிரியருக்கு,

எங்களுக்குத் திருமணமாகி 9 வருடம். கணவர் மில்லில் வேலை. நல்லவர், குடி கிடையாது, கை நீட்டியதில்லை. ஆனால் மனதில் இருப்பதைப் பற்றிப் பேச்செடுத்தால் சுவராகிவிடுவார். போன மாதம் என்னிடம் சொல்லாமல் தம்பிக்கு ஒரு லட்சம் கொடுத்திருக்கிறார். இரவு பத்தரைக்கு ஷிப்ட் முடிந்து வந்ததும் கேட்டேன். “சரி, விடு” என்றார். “நீங்க எப்பவுமே இப்படித்தான், உங்க குடும்பமே கல்லு” என்றேன். திரும்பிப் படுத்துவிட்டார். விடாமல் கேட்டேன். மறுநாள் வாட்ஸ்அப்பில் இருபது மெசேஜ் அனுப்பினேன். மூன்று நாள் “பால் வாங்கணுமா” தவிர வேறு பேச்சில்லை. அவர் ராசி அப்படி என்கிறார் அம்மா. நீயும் பேசாமல் இரு, தானாக வருவார் என்கிறாள் தோழி. அவருக்கு என் மேல் அன்பு இருக்கிறதா? அவரை எப்படிப் பேச வைப்பது?

ச., ஈரோடு

அன்புள்ள ச.,

ராசியை விட்டுவிடுவோம். தோழியின் யோசனையையும் கேட்காதீர்கள், ஒரு வீட்டில் இரண்டு சுவர் தேவையில்லை. அன்பு இருக்கிறதா என்று கேட்கிறீர்கள். அந்த மூன்று நாள் மௌனத்துக்குள் அதற்கான பதில் இல்லை. இருக்கிறது என்றும் அதை வைத்துச் சொல்ல முடியாது, இல்லை என்றும் முடியாது. உங்கள் கடிதத்தில் என்னைப் பிடித்து நிறுத்தியது வேறு. திரும்பிப் படுத்தவரை நீங்கள் விடாமல் கேட்டிருக்கிறீர்கள். பல வீடுகளில் இது நடக்கிறது. நம் மொழிப் பழக்கமே இதற்கு ஒரு காரணம் என்று எனக்கு நெடுநாளாக எண்ணம்.

கணவன் மனைவிக்கு நடுவில் வரும் மௌனத்துக்கு நம்மிடம் ஓர் அருமையான சொல் உண்டு: ஊடல். மருதத் திணைக்கு அதையே உரிப்பொருளாக வைத்தார்கள். ஊடலில் இருப்பவர் முகத்தைத் திருப்பிக்கொண்டாலும் காதைத் திறந்து வைத்திருப்பார். நீங்கள் வரவேண்டும், கேட்கவேண்டும், கெஞ்சவேண்டும் என்பதுதான் அந்த மௌனத்தின் பொருள். அங்கே பின்னாலேயே போவதுதான் மருந்து. ஆனால் ஒருவர் அடைத்துக்கொள்ளும்போது நடப்பது இதற்கு நேர் எதிர். அவருக்குக் காது கேட்பதே குறைந்துவிடுகிறது. நீங்கள் விலகினால்தான் மூச்சு வரும் என்ற நிலை அது. இரண்டையும் நாம் ‘பேசமாட்டேன் என்கிறார்’ என்று ஒரே வார்த்தையில் சொல்லி, ஊடலுக்கான மருந்தையே இதற்கும் கொடுக்கிறோம். கொடுக்கக் கொடுக்க நோய் முற்றுகிறது.

காதே கேட்கவில்லை என்பதை நான் அலங்காரத்துக்காகச் சொல்லவில்லை. அமெரிக்காவில் ஜான் காட்மன், ராபர்ட் லெவன்சன் என்ற இரு உளவியலாளர்கள் தம்பதிகளை எதிரெதிரே உட்கார வைத்து, உடலில் கருவிகளைப் பொருத்தி, அவர்களுக்குள் தீராத ஒரு விஷயத்தைப் பேசச் சொல்லிப் பதிவு செய்தார்கள். வெளியே கல்லாக உட்கார்ந்திருந்தவர்களின் இதயம் உள்ளே ஓடிக்கொண்டிருந்தது. நாடி நிமிடத்துக்கு 100-ஐத் தாண்டும் அளவுக்கு உடல் பதறினால், எதிரே இருப்பவர் சொல்வதை வாங்கிக்கொள்வதும் யோசித்துப் பதில் சொல்வதும் வெகுவாகக் குறைந்துவிடும் என்பது காட்மனின் முடிவு. அப்படி அடைத்துக்கொண்டவர்களில் சுமார் 85 சதவீதம் ஆண்கள் என்றும் அவர் எழுதியிருக்கிறார். பேசாமல் இருப்பது அந்த நேரத்தில் அவர்கள் தங்களை அடக்கிக்கொள்ளும் வழி. வாயைத் திறந்தால் ஏதாவது விபரீதமாகிவிடும் என்ற பயம் பலருக்கு உண்டு. நீங்கள் அப்போது சொன்ன இருபது வாக்கியங்களில் இரண்டாவது அவர் நினைவில் நின்றிருந்தாலே அதிகம்.

அறிகுறிகள் சண்டை முற்றும் முன்பே தெரியும். பதில்கள் “ம்”, “சரி, விடு” என்று சுருங்கும். கண் ஒரே இடத்தில் நிற்கும், தாடை இறுகும், கையில் ஏதாவது வேலை வந்துவிடும். சந்தேகமிருந்தால் அவரே மணிக்கட்டில் விரல் வைத்து 15 விநாடி எண்ணட்டும். 25 அல்லது அதற்கு மேல் வந்தால் 100-ஐத் தொட்டாயிற்று. ரத்த அழுத்தத்துக்காக அடெனலால், மெட்டோபிரலால் போன்ற மாத்திரை சாப்பிடுபவராக இருந்தால் இந்தக் கணக்கை நம்பாதீர்கள். உள்ளே எவ்வளவு பதறினாலும் அந்த மாத்திரை நாடியை அவ்வளவாக ஏறவிடாது.

இப்போது உங்களைத் திட்டப்போகிறேன். எட்டு மணி நேரம் மில் இரைச்சலில் நின்றுவிட்டு இரவு பத்தரைக்கு வந்தவரிடம், சோறு போடும் முன் ஒரு லட்சத்தைப் பற்றிக் கேட்கலாமா? நேரத்தைக்கூட மன்னிக்கலாம். “எப்பவுமே இப்படித்தான்” என்ற சொல்லை மன்னிக்க முடியாது. பணம் கொடுத்தது ஒரு செயல், அதைப் பற்றிப் பேசலாம். “எப்பவுமே” என்றதும் ஒன்பது வருட வாழ்க்கையும் குற்றப்பத்திரிகையில் ஏறிவிட்டது. “உங்க குடும்பமே கல்லு” என்றதும் அவரைப் பெற்றவளும் கூண்டில் ஏறிவிட்டாள். இதற்கு அவர் என்ன பதில் சொல்ல முடியும்? ஒரு பேச்சு முடியும் விதத்தை அதன் முதல் மூன்று நிமிடமே பெரும்பாலும் தீர்மானித்துவிடுகிறது. உங்கள் பேச்சு முதல் அரை நிமிடத்திலேயே முடிந்துவிட்டது. அந்த இருபது மெசேஜும் இதே தவறுதான். இறங்கிக்கொண்டிருந்த நாடியை மறுநாள் ஒவ்வொரு மெசேஜும் மறுபடி ஏற்றியிருக்கும்.

இதை அவரும் படிக்கட்டும், அவருக்கும் சொல்ல இருக்கிறது. வீட்டுப் பணம் ஒரு லட்சத்தை மனைவிக்குத் தெரியாமல் கொடுத்தது தவறு, அதைப் பேசாமல் மூடியது அதைவிடப் பெரிய தவறு. உடல் பதறுவது உங்கள் கையில் இல்லை. பதற்றம் அடங்கிய பிறகும் மூன்று நாள் திரும்பி வராமல் இருந்தது உங்கள் கையில் இருந்தது. மாற்றம் வேண்டும் என்று கேட்பவர் துரத்துவார், இருப்பது இருக்கட்டும் என்பவர் ஓடுவார். ஆண்ட்ரூ கிறிஸ்டென்சன், கிறிஸ்டோபர் ஹீவி இருவரும் 1990-ல் வெளியிட்ட ஆய்வில் இதைப் பார்த்தார்கள். கணவன் மாற வேண்டிய விஷயத்தைப் பேசும்போது மனைவி துரத்துவதும் கணவன் ஒதுங்குவதும் தெளிவாகத் தெரிந்தது. மனைவி மாற வேண்டிய விஷயத்தைப் பேசியபோது அந்த வேறுபாடு மங்கிவிட்டது. ஆகவே ‘ஆம்பளைன்னா அப்படித்தான்’ என்று ஒதுங்க இதில் இடமில்லை. ஒதுங்கினால் எது மாறாமல் நீடிக்கிறது என்று பாருங்கள்.

அடுத்து வழி. இதைச் சண்டை இல்லாத ஒரு நாளில் இருவரும் ஒப்புக்கொள்ள வேண்டும், நடுச்சண்டையில் கற்றுக்கொள்ள முடியாது. பதற்றம் ஏறியதும் சொல்ல ஒரு வாக்கியத்தை முடிவு செய்யுங்கள். “எனக்குத் தலை சுத்துது, அரை மணி நேரம் குடு, ஒன்பதரைக்கு நானே வர்றேன்.” இதில் உயிர்நாடி கடைசிப் பகுதி. “சரி, விடு” என்பதற்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் அந்த ஒன்பதரைதான். நேரம் சொல்லாமல் எழுந்து போனால் உங்களுக்கு அது கைவிடுவதாகத் தெரியும், துரத்துவீர்கள். நேரம் தெரிந்தால் உங்கள் நெஞ்சும் அடங்கும். நேரம் சொன்னவர்தான் தேடி வரவேண்டும். அவர் வராவிட்டால் ஒருமுறை நினைவூட்டலாம், அதற்கு மேல் வேண்டாம்.

இடைவெளி குறைந்தது 20 நிமிடம். ரத்தத்தில் ஏறிய வேதிப்பொருள்கள் வடிய அவ்வளவு நேரமாகும், ‘நான் சரியாயிட்டேன்’ என்று ஐந்து நிமிடத்தில் வருபவர் பெரும்பாலும் சரியாகியிருக்கமாட்டார். ஒரு நாளுக்கு மேல் தள்ளவும் கூடாது. பலரும் கோட்டை விடுவது இந்த இடைவெளிக்குள் என்ன செய்வது என்பதில்தான். மொட்டை மாடியில் நின்று ‘அவ எப்படி அப்படிச் சொல்லலாம், நான் இப்படித் திருப்பிக் கேட்டிருக்கணும்’ என்று ஒத்திகை பார்த்தால் நாடி இறங்கவே இறங்காது, ஒரு மணி நேரம் ஆனாலும் அதே பதற்றத்தோடு திரும்பி வருவார். காட்மனின் ஆய்வகத்தில் ஒருமுறை பேச்சை நடுவில் நிறுத்தி, கருவியைச் சரிசெய்ய வேண்டும் என்று சொல்லி, தம்பதிகளை அரை மணி நேரம் பத்திரிகை படிக்க வைத்தார்கள். திரும்பப் பேசியபோது நாடியும் இறங்கியிருந்தது, பேச்சும் தணிந்திருந்தது. அதனால் மனதை வேறு பக்கம் இழுக்கும் வேலை வேண்டும். செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது, துணி மடிப்பது, கடை வரை நடப்பது போதும். நீங்களும் அந்த நேரத்தில் அம்மாவுக்கு போன் போட்டு முழுக்கதையையும் சொல்லாதீர்கள், அதுவும் ஒத்திகைதான்.

திரும்பி வந்ததும் ஒரே விஷயம், அதிகம் போனால் 15 நிமிடம். ஒருவர் சொல்ல, மற்றவர் பதில் சொல்லும் முன் ‘நீ சொல்வது இதுதானே’ என்று ஒருமுறை திருப்பிச் சொல்லட்டும். எதிரெதிரே உட்காரத் தேவையில்லை. கண்ணைப் பார்த்துப் பேசத் திணறும் பலருக்குப் பக்கத்தில் நடந்துகொண்டோ பாத்திரம் துடைத்துக்கொண்டோ பேச வாய் வரும். “மனசுல என்ன இருக்கு, சொல்லுங்க” என்று மட்டும் கேட்காதீர்கள். உள்ளே நடப்பதற்குப் பெயர் வைக்கத் தெரியாதவர்கள் இருக்கிறார்கள், அதற்கு அலெக்ஸிதைமியா என்று பெயரிட்டவர் பீட்டர் சிஃப்னியோஸ் என்ற மனநல மருத்துவர். அந்த அளவுக்குப் போகாதவர்களிலும் பலருக்கு இந்தக் கேள்வி, படிக்காத பாடத்தில் பரீட்சை வைத்த மாதிரி. உடம்பைக் கேளுங்கள். “நான் பணத்தைப் பற்றிக் கேட்டப்போ நெஞ்சு அடைச்சுதா, வயிறு எரிஞ்சுதா?” வயிறு எரிகிறது, நெஞ்சு அடைக்கிறது, கை கால் ஓடவில்லை என்று உணர்ச்சியை உடம்பால் சொல்லும் வழக்கம் நம் மொழியில் ஏராளம். அடைத்தது என்றால் பயமா அவமானமா என்று அடுத்த கேள்வி. இரண்டில் ஒன்றைக் காட்டுவது அவருக்கு எளிது.

இதெல்லாம் பதறி அடைத்துக்கொள்பவருக்கு. ஊரில் எல்லோரிடமும் சிரித்துப் பேசிவிட்டு உங்களிடம் மட்டும் நாள்கணக்கில் வாய் மூடி, நீங்கள் மன்னிப்புக் கேட்டபிறகுதான் திறக்கிறார், திரும்பும் நேரத்தைச் சொல்லவே மறுக்கிறார் என்றால் அது தண்டனை. இந்த முறை அங்கே பலிக்காது, இருவருமாகத் தம்பதி ஆலோசகரிடம் போங்கள். எல்லோரிடமும் பேச்சு குறைந்து, தூக்கமும் பசியும் மாறி இரண்டு வாரமாகிவிட்டது என்றால் மனச்சோர்வாக இருக்கலாம், மருத்துவரைப் பாருங்கள். அரசின் டெலி-மானஸ் மனநல உதவி எண் 14416-க்குக் கட்டணமில்லாமல் கூப்பிடலாம். இந்தப் பதிலைப் படிக்கும் வேறு யாருக்காவது அந்த மௌனத்தைக் கண்டு பயம் வருகிறது என்றால் அவர்களுக்கு இது எதுவும் பொருந்தாது, பெண்களுக்கான உதவி எண் 181-க்குப் பேசுங்கள்.

அந்த ஒரு லட்சம் இன்னும் பேசப்படவில்லை, அதை விட்டுவிடாதீர்கள். அவருக்கு வார விடுமுறை வரும் நாளில், காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு, “பத்தரைக்குப் பதினஞ்சு நிமிஷம் பணத்தைப் பத்திப் பேசணும்” என்று முன்னாலேயே சொல்லிவிடுங்கள். முதல் வாக்கியம் இப்படி இருக்கட்டும்: “தம்பிக்குக் கொடுத்ததை நீங்க சொல்லாமலே தெரிஞ்சப்போ எனக்கு அடிவயிறு கலங்கிடுச்சு. இனிமே பத்தாயிரத்துக்கு மேல போற எதையும் கொடுக்குறதுக்கு முன்னாடி என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிடுங்க.” சொல்லிவிட்டு நிறுத்துங்கள். அவர் பத்து விநாடி பேசாமல் இருந்தால் அந்தப் பத்து விநாடியையும் அவருக்குக் கொடுங்கள்.