ஒரே அட்மின் குழுவை விட்டு எப்படி விலகுவது?

"செம்பூரில் எங்கள் தமிழ்க் குடும்பங்களின் வாட்ஸ்அப் குழுவுக்கு நான் ஒருத்தன்தான் அட்மின். அடுத்த மாதம் புனேக்குக் குடிபோகிறேன். யார் மனமும் கோணாமல் விலகணும். எப்படி?"

முதலில் Exit group பொத்தான் பக்கம் போகாதீங்க. ஒரே அட்மின் வெளியேறினால் வாட்ஸ்அப் தானாகவே யாரோ ஒருவரை அட்மின் ஆக்கிவிடும். அது போனை எடுக்கவே தயங்கும் பாட்டியாகவும் இருக்கலாம். பிறகு தவறான பதிவை நீக்கக்கூட ஆள் இருக்காது.

அதனால் இரண்டு பேரிடம் தனியாகப் பேசிச் சம்மதம் வாங்குங்க. ஒருவர் போதாது, அவர் ஊருக்குப் போனால் குழு அநாதை. உறுப்பினர் பட்டியலில் அவர்கள் பெயரைத் தொட்டு Make group admin கொடுங்க. பொங்கல் வசூல் கணக்கு உங்களிடம் இருந்தால், அதையும் இப்போதே எழுதி ஒப்படைச்சிடுங்க. விலகின பிறகு கணக்குப் பேச்சு வந்தால்தான் மனம் கோணும்.

பிறகு ஒரே செய்தி: "புனேக்கு மாறுகிறேன். இனி இவர்கள் இருவரும் குழுவைப் பார்த்துக்கொள்வார்கள். ஞாயிறு இரவு விலகுகிறேன், என் நம்பர் மாறாது." விலகும் நாளைச் சொல்வது முக்கியம், வழியனுப்புப் பேச்சு அதற்குள் முடிந்துவிடும்.

சொல்லாமல் நழுவலாம் என்று தோன்றும். 2022 முதல் விலகல் அறிவிப்பு அட்மின்களுக்கு மட்டும்தான் போகிறது, உண்மை. ஆனால் முன்னாள் உறுப்பினர் பட்டியலில் 60 நாள் உங்கள் பெயர் தெரியும். செம்பூர் மாமிகள் அதைப் பார்க்காமல் இருக்க மாட்டார்கள்.

பழைய படங்கள் பற்றிக் கவலை வேண்டாம். நீங்களே அழிக்காதவரை சாட் உங்கள் போனில் இருக்கும்.