சுகர் உள்ள கர்ப்பத்தில் "குழந்தை பெரிசு" என்று ஸ்கேன் சொன்னால்

கேள்வி: 36 வாரம். கர்ப்பத்தில் வந்த சுகர், மெட்ஃபார்மின் மட்டும் எடுக்கிறேன். சாப்பிட்ட பின் 115க்குள் இருக்கு, வெறும் வயிற்றில்தான் 104, 106 வருது. ஸ்கேனில் குழந்தை 3.2 கிலோ, HC 32.6, AC 34.4. பெரிசா இருக்குன்னு எல்லாரும் பயமுறுத்துறாங்க. இப்பவே சிசேரியன் பண்ணிடலாமா?

மகப்பேறு மருத்துவராக இருப்பதால் இந்த ரிப்போர்ட் எனக்கு அடிக்கடி வரும். 3.2 கிலோ என்னை அவ்வளவாகக் கவலைப்படுத்தவில்லை. 104தான் கவலைப்படுத்துகிறது.

அந்த 3.2 கிலோ யாரும் தராசில் வைத்துப் பார்த்த எடை இல்லை. தலை, வயிறு, தொடை எலும்பு ஆகியவற்றை அளந்து, ஒரு சூத்திரத்தில் போட்டு, மெஷின் கணக்கிட்டுத் தருவது. நல்ல கை பார்த்தாலும் பத்து சதவீதம் முன்னே பின்னே போகும், சில சமயம் பதினைந்தும் போகும். ஆக, உங்கள் குழந்தை 2.9 கிலோவாகவும் இருக்கலாம், 3.5 ஆகவும் இருக்கலாம்.

அதைவிட HC, AC இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தலைச் சுற்றளவு இந்த வாரத்துக்குச் சராசரிதான். வயிற்றுச் சுற்றளவு மட்டும் மேல் வரம்பை ஒட்டி நிற்கிறது. அப்பா அம்மா உயரம் என்பதால் பெரிதாக வளரும் குழந்தைக்குத் தலையும் சேர்ந்து பெரிதாகும். இங்கே வயிறு மட்டும் முந்துகிறது என்றால் சுகரைத்தான் சந்தேகப்பட வேண்டும். அம்மாவின் சர்க்கரை நஞ்சுக்கொடியைத் தாண்டிப் போகும், இன்சுலின் தாண்டாது. அதனால் குழந்தை தன் கணையத்திலேயே கூடுதலாக இன்சுலின் சுரக்கிறது. அது சர்க்கரையைக் கொழுப்பாக்கி வயிற்றிலும் தோளிலும் சேர்க்கும். பிரசவத்தில் தலை வெளியே வந்த பிறகு தோள் மாட்டிக்கொள்ளும் ஆபத்து இதனால்தான். "கொழுகொழுன்னு பிறக்கட்டும்" என்று வீட்டில் சொல்பவர்களுக்கு இது தெரிவதில்லை.

வெறும் வயிற்றில் 95க்குக் கீழே இருக்க வேண்டும். உங்களுக்குத் தினமும் தாண்டுகிறது என்றால் இரவு முழுக்கக் குழந்தைக்கு அதிகச் சர்க்கரை போய்க்கொண்டிருக்கிறது. சாப்பாட்டைக் குறைத்து இதைச் சரிசெய்வது கஷ்டம். இரவில் ஒரு சிறிய டோஸ் இன்சுலின் தொடங்கலாமா என்று உங்கள் டாக்டரிடம் இந்த வாரமே கேளுங்கள். 36 வாரத்தில் தொடங்கி என்ன பயன் என்று நினைக்காதீர்கள், இன்னும் மூன்று வாரம் கையில் இருக்கிறது.

சரி, எப்போது பிரசவம்? கடைசி வாரங்களில் வாரத்துக்கு 200 கிராம் ஏறும் என்று வைத்தால், 39 வாரத்தில் 3.8 கிலோ. ஸ்கேன் பிழையைக் கூட்டினாலும் 4.2 அல்லது 4.3 தான். அமெரிக்க வழிகாட்டுதலில் சுகர் உள்ளவர்களுக்கு 4.5 கிலோ மதிப்பீட்டில்தான் எடையை மட்டும் வைத்துச் சிசேரியன் பற்றிப் பேசுகிறார்கள். நம் பெண்களின் உடல்வாகுக்குப் பல மருத்துவர்கள் 4 கிலோவிலேயே யோசிப்பார்கள், அதில் தவறில்லை. அதனால் 38 வாரம் ஒட்டி இன்னொரு ஸ்கேன் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம். மருந்து அல்லது இன்சுலினில் சுகர் அடங்கினால் 39 வாரம் முடிந்ததும் வலி வரவழைப்பது வழக்கம். அதற்கு மேல் தள்ளினால், வயிற்றிலேயே குழந்தை இறக்கும் அபாயம் கூடும். சுகர் அடங்கவே இல்லை என்றால் பிரசவம் 37, 38 வாரத்திலேயே நடக்க வேண்டி வரும். காரணமில்லாமல் அவசரப்படவும் கூடாது, ஏனென்றால் குழந்தைக்குள் கூடுதலாகச் சுரக்கும் அதே இன்சுலின் நுரையீரல் பக்குவத்தைத் தாமதப்படுத்தும். இப்படிப்பட்ட 36, 37 வாரக் குழந்தைகள் மூச்சுத்திணறலோடு பிறப்பதை நிறையப் பார்த்திருக்கிறேன்.

அதுவரை வாரம் இருமுறை, குழந்தையின் இதயத்துடிப்பைப் பதிவு செய்யும் என்.எஸ்.டி., கூடவே குழந்தையைச் சுற்றியுள்ள தண்ணீர் அளவு பார்ப்பார்கள். என்.எஸ்.டி. நன்றாக இருந்தால் அந்த நேரத்தில் குழந்தைக்கு ஆக்சிஜன் போதுமானதாக இருக்கிறது என்று அர்த்தம். சுகர் எகிறி நிற்கும்போது அடுத்த சில நாட்களுக்கு அது உத்தரவாதம் ஆகாது. அப்புறம் வீட்டில் அசைவைக் கவனியுங்கள். சந்தேகம் வந்தால் சாப்பிட்டுவிட்டு இடது பக்கமாகப் படுத்து எண்ணுங்கள். இரண்டு மணி நேரத்தில் பத்து அசைவு வரவில்லை என்றால் அன்றைக்கே, ராத்திரியானாலும், ஆஸ்பத்திரிக்குப் போங்கள். இன்சுலின் தொடங்கிய பிறகு திடீரென்று சுகர் தானாகக் குறைந்து தாழ்சுகர் வர ஆரம்பித்தாலும் சொல்லுங்கள். சிலருக்கு அது நஞ்சுக்கொடி சோர்வதன் அறிகுறி.

பிரசவ அறைக்குப் போகும்போது ஒன்றை முன்கூட்டியே கேட்டு வையுங்கள்: பிறந்த குழந்தையின் சர்க்கரையை எப்போது பார்ப்பார்கள் என்று. கொடி வெட்டியதும் அம்மாவின் சர்க்கரை நின்றுவிடும், குழந்தையின் இன்சுலின் உடனே குறையாது. முதல் ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் கொடுங்கள், அதன் பிறகு குதிகாலில் குத்திச் சோதிப்பார்கள்.