பிழை பார்க்க ஆள் வீட்டிலேயே இருக்கிறா

கேள்வி: ஐயா, 27 வருடம் ஒரே கம்பெனியில் இருந்துவிட்டு இந்த மாத முடிவில் விலகுகிறேன். சக ஊழியர்களுக்கு அனுப்பப்போகும் பிரியாவிடை மின்னஞ்சலை மூன்று நாளாகத் திருத்துகிறேன். ஒவ்வொரு முறையும் புதுப் பிழை தெரிகிறது. மனைவி வாசித்துப் பார்க்கிறேன் என்றா. ஆபீஸ் விஷயம் அவவுக்கு விளங்காது என்று விட்டுவிட்டேன். பிரதி இணைத்துள்ளேன். பிழை இல்லாமல் அனுப்ப என்ன வழி?
- கோண்டாவில் வாசகர்

பதில்: தம்பி, விளங்காது என்று யார் சொன்னது? 27 வருடமாக அந்த ஆபீஸுக்குச் சோறு கட்டித் தந்தவ அவதானே. உங்களுக்கு இப்போது தேவைப்படுவதும் விஷயம் விளங்காத ஆள்தான். எழுதியவனுடைய கண், தாளில் இருப்பதை விட்டுவிட்டு மனதில் இருப்பதையே வாசிக்கும். "எனக்குப் பக்கபலமாக அனைவருக்கும் நன்றி" என்று எழுதியிருக்கிறீர்கள். "இருந்த" எங்கே? மூன்று நாளும் நீங்கள் அதை மனதிலிருந்து போட்டு வாசித்திருக்கிறீர்கள்.

நான் பத்திரிகையில் ஒப்புநோக்காளராக இருந்தவன். ஒரு மரண அறிவித்தலைத் துணைக்கு ஆள் இல்லாமல் நானே நாலு தரம் பார்த்தேன். அச்சில் வந்த பிறகுதான் தெரிந்தது, மூத்த மகளின் பெயரே இல்லை. அந்த வீட்டு வாசலில் போய் நின்றது இன்னும் மறக்கவில்லை. ஒருவர் சத்தமாக வாசிக்க, மற்றவர் பேனையோடு அச்சைப் பார்த்துப் போவதுதான் எங்கள் முறை. அன்றைக்கு அவசரத்தில் அதை விட்டேன்.

ஆகவே கடிதத்தை அச்செடுத்து மனைவியிடம் கொடுங்கள். தாளில் இருப்பதை இருக்கிறபடியே அவ வாசிக்கட்டும், நீங்கள் இன்னொரு பிரதியில் வரிக்கு வரி விரல் வைத்துப் போங்கள். விட்ட சொல்லில் அவவின் நாக்கு தடுக்கும். எண்களும் காதில் மோதும்: மேலே 27 வருடம், கீழே 26 என்று கிடக்கிறது. போன வருடமே எழுதத் தொடங்கினீர்களோ?

ஆனால் காதுக்குப் பிடிபடாத பிழையும் உண்டு. "என் பனிக்காலத்தில் உதவியவர்கள்" என்று இருக்கிறது. ஆபீஸுக்குள் உங்களுக்கு ஏது பனிக்காலம்? வாசிக்கும்போது பணியும் பனியும் நம் வாயில் ஒன்றாகத்தான் வரும். பனியும் சரியான சொல் என்பதால் கணினியும் விட்டுவிடும். அதனால் ண, ன வரும் சொற்களை மட்டும் தனியாக ஒரு தரம் கண்ணால் பாருங்கள். ஆட்களின் பெயரை, அவர்களே அனுப்பிய பழைய மின்னஞ்சலின் அடியில் எப்படி எழுதியிருக்கிறார்களோ அப்படியே போடுங்கள்.

கடைசியாக, உங்கள் மின்னஞ்சலின் அடியில் தானாக வந்து நிற்கும் ஆபீஸ் தொலைபேசி இலக்கத்தை எடுத்துவிடுங்கள். அடுத்த மாதம் அதை வேறு யாரோதான் எடுப்பார்கள். அதற்குப் பதிலாக எழுதிய சொந்த இலக்கத்தைக் கடிதத்தைப் பார்த்தே மனைவி தன் போனில் அழுத்தட்டும். உங்கள் சட்டைப்பையில் மணி அடித்தால் அனுப்பலாம்.