சாப்பாட்டுக்குப் பின் வரும் விளையாட்டு வகுப்பும் இன்சுலின் போடும் மாணவரும்: கேள்வி பதில்

"வகுப்புக்கு முன் ரத்தச் சர்க்கரை 110 காட்டியது. நார்மல்தானே என்று ஓடவிட்டேன். 20 நிமிடத்தில் 61. எங்கே தப்பு?" (விளையாட்டு ஆசிரியர்)

எண்ணை மட்டும் பார்த்ததில்தான். மற்ற பிள்ளைகள் ஓடும்போது உடம்பே இன்சுலினைக் குறைத்துக்கொள்ளும். ஊசியில் போன இன்சுலினைத் திரும்ப எடுக்க வழியில்லை. தசையும் சர்க்கரையை இழுக்கிறது, இன்சுலினும் இழுக்கிறது.

ஒரு கணக்கு போடுவோம். மாணவருக்கு 40 கிலோ. 12:30-க்கு ஊசி, சாப்பாடு. 2 மணிக்கு வகுப்பு. வேகமாக வேலை செய்யும் இன்சுலின் பொதுவாக 1 முதல் 2 மணி நேரத்துக்குள் உச்சத்தில் இருக்கும். வகுப்பு சரியாக அதன்மேல் விழுகிறது. உடம்பில் ஒட்டியிருக்கும் சர்க்கரை சென்சாரில் 110, போக்கைக் காட்டும் அம்பு கீழ்நோக்கி. இந்த 110-ஐ இறங்கிக்கொண்டிருக்கும் எண்ணாகத்தான் படிக்க வேண்டும். ஓடும் முன் 15 கிராம் மாவுச்சத்து கொடுங்கள். பாதி வாழைப்பழம் ஏறக்குறைய அந்த அளவு. 20 நிமிடத்தில் மறுபடி பாருங்கள். ஒரு மணி நேரம் தொடர்ந்து ஓட்டம் என்றால், 20 நிமிடத்துக்கு ஒருமுறை 10 கிராம் அளவில் தொடரலாம். இதே 110 மதியச் சாப்பாட்டுக்கு முந்தைய வகுப்பில், காலை ஊசி போட்டு நாலைந்து மணி நேரம் ஆன நிலையில், அம்பு நேராக இருந்தால் கதை வேறு. அங்கே இவ்வளவு தேவைப்படாது.

தினமும் இப்படித் தின்னக் கொடுப்பதைவிட, வகுப்புள்ள நாளில் மதிய ஊசியின் அளவைக் குறைப்பது நல்ல வழி. எவ்வளவு என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். அதற்கு அவரிடம் கால அட்டவணை போய்ச் சேர வேண்டும்.

"நான் பயிற்சியாளர். ஓடினால் இறங்கும் என்கிறீர்கள். என் மாணவிக்கு 100 மீட்டர் ஓடியதும் 210-க்கு ஏறுகிறது. நீங்கள் சொல்வது தவறு."

உங்கள் மாணவி விஷயத்தில் நீங்கள் பார்த்தது சரி. குறுகிய, முழுவேக ஓட்டத்தில் அட்ரினலின் சுரந்து கல்லீரல் சர்க்கரையைக் கொட்டும். நான் சொன்னது நீண்ட, மிதமான ஓட்டம். ஆனால் அந்த 210-ஐப் பார்த்து உடனே ஊசி போட்டுவிடாதீர்கள். பெரும்பாலும் அது தானே இறங்கும், ஊசியும் சேர்ந்தால் பிறகு சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கி லோ ஆகும்.

"அப்படியானால் கால்பந்து ஏற்றுமா, இறக்குமா? ஒன்றைச் சொல்லுங்கள்." (அதே பயிற்சியாளர்)

ஒன்றைச் சொல்ல முடியாது. நிற்பதும் பாய்வதும் கலந்த ஆட்டம் ஒருவருக்கு ஏற்றும், ஒருவருக்கு இறக்கும். நாலைந்து வகுப்புக்கு முன்னும் பின்னும் எழுதிவையுங்கள். அவருடைய போக்கு தெரியும்.

"இவ்வளவு குழப்பம் எதற்கு? உட்காரவைப்பதே பாதுகாப்பு." (ஒரு தாய்)

உங்கள் பயம் புரிகிறது, ஆனால் இதை ஏற்க மாட்டேன். உட்காரவைக்க வேண்டிய நேரங்கள் உண்டு: கடந்த 24 மணி நேரத்தில் கடுமையான லோ வந்திருந்தால், சர்க்கரை 250-க்கு மேல் இருந்து, இன்சுலின் போதாதபோது ரத்தத்தில் சேரும் கீட்டோன் என்ற அமிலமும் கூடியிருந்தால். மற்ற நாளில் அவர் ஆடட்டும்.

"எல்லாப் பிள்ளைக்கும்தான் வியர்க்கிறது. லோ என்று எப்படிக் கண்டுபிடிப்பது?"

வியர்வை, படபடப்பை மைதானத்தில் நம்பாதீர்கள். நடத்தையைப் பாருங்கள். எளிதான பந்தை விடுவார். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் தாமதமாகத் திரும்புவார். காரணமில்லாமல் எரிந்து விழுவார். முகம் வெளுத்து, கை நடுங்கும். விரலில் குத்திப் பாருங்கள். கருவி கையில் இல்லையா, லோ என்றே வைத்துச் சர்க்கரை கொடுங்கள். மருத்துவ அறைக்குத் தனியாக அனுப்பாதீர்கள்.

"லோ ஆனால் சர்க்கரை கொடுத்து 15 நிமிடம் கழித்துப் பார்க்கும் விதி தெரியும். 64 இருந்தது, சாக்லேட் கொடுத்தேன், 15 நிமிடம் கழித்தும் 62."

விதி சரி, பொருள் தவறு. சாக்லேட்டில் உள்ள கொழுப்பு வயிற்றிலேயே தாமதப்படுத்தும். 40 கிலோ மாணவருக்கு 4 கிராம் குளுக்கோஸ் மாத்திரை 3 அல்லது 4, அல்லது 150 மில்லி இனிப்புப் பழச்சாறு. 15 நிமிடம் உட்காரவைத்து மறுபடி பாருங்கள். 70-க்குக் கீழே இருந்தால் அதே அளவு மறுபடி. 90 தாண்டிய பிறகே ஆட்டம்.

"சென்சார் 88 காட்டுகிறது, பையன் தலைசுற்றுகிறது என்கிறான். யாரை நம்ப?"

பையனை. வேகமாக இறங்கும்போது சென்சார் ரத்தத்துக்குப் பல நிமிடம் பின்தங்கும். விரலில் குத்திப் பாருங்கள்.

"எனக்கு 48 வயது, சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் மாத்திரை மட்டும். நடக்கும் முன் நானும் ஏதாவது சாப்பிடணுமா?"

அது மட்டும் என்றால் லோ வருவது அரிது. உங்கள் மருத்துவரைக் கேளுங்கள். இங்கே பேசுவது இன்சுலின் போடும் மாணவர்களைப் பற்றி.

"லோ ஆனால் மருத்துவ அறைக்கு அனுப்பலாமா?"

மேலே சொல்லிவிட்டேன். தனியாக வேண்டாம். துணையோடும் 64-இல் மாடி ஏறவைக்க வேண்டாம். சர்க்கரை டப்பா மைதானத்துக்கு வரட்டும், மாணவர் அதைத் தேடிப் போகக் கூடாது.

"மயங்கிவிட்டால் வாயில் சர்க்கரை வைக்கலாமா?"

கூடாது, மூச்சுக்குழலில் போகும். பக்கவாட்டில் படுக்கவையுங்கள், சர்க்கரையை ஏற்றும் குளுக்ககான் மருந்து இருந்து, அதில் பழகியவரும் இருந்தால் கொடுக்கட்டும், ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.

"வகுப்பு நல்லபடி முடிந்தது. இரவு 2 மணிக்கு லோ. சம்பந்தம் உண்டா?" (ஒரு தந்தை)

உண்டு. தசை தன் இருப்பை நிரப்பப் பல மணி நேரம் சர்க்கரையை இழுக்கும். கடுமையாக ஆடிய நாளில் படுக்கும் முன்னும் நடு இரவிலும் பாருங்கள். எவ்வளவு நேரம் ஓடினான், இடையில் லோ வந்ததா என்று ஆசிரியரிடமிருந்து ஒரு வரி அன்று மாலையே உங்களுக்கு வரவேண்டும், கேட்டு வாங்குங்கள்.