பாதுகாப்பு இருப்பு எவ்வளவு வைப்பது? கேள்வி பதில்

கோவையில் பம்ப் உதிரிபாக விநியோகம் செய்பவர்: ஐயா, 6203 பேரிங் எங்களிடம் ஒரு நாளைக்குச் சராசரியாக 40 போகிறது. ஆர்டர் போட்டால் சராசரியாக 9 நாளில் சரக்கு வரும். 95 சதவீதம் தட்டுப்பாடு வராமல் இருக்க எவ்வளவு கூடுதலாக வைக்க வேண்டும்?

சராசரி மட்டும் போதாது. தேவை எவ்வளவு ஏறி இறங்குகிறது என்பதுதான் பாதுகாப்பு இருப்பைத் தீர்மானிக்கிறது. நீங்கள் இணைத்த பதிவேட்டின்படி தினசரித் தேவை சராசரியிலிருந்து விலகும் அளவான திட்ட விலக்கம் 12. சரக்கு தவறாமல் 9 நாளில் வந்துவிடும் என்று வைத்துக்கொண்டால், அந்த 9 நாள் மொத்தத் தேவையின் விலக்கம் 12-ஐ 9-இன் வர்க்கமூலமான 3-ஆல் பெருக்கினால் வரும் 36. ஒரு நாள் கூடினால் இன்னொரு நாள் குறைந்து ஓரளவு ஈடாகிவிடுவதால்தான் 9-ஆல் பெருக்குவதில்லை. 95 சதவீதத்துக்குரிய பெருக்கெண் 1.645 என்பதால், பாதுகாப்பு இருப்பு சுமார் 59 பேரிங்.

ஆனால் உங்கள் சப்ளையர் அவ்வளவு ஒழுங்கானவர் அல்லர். அதே பதிவேட்டில் சரக்கு வந்த நாள்களின் திட்ட விலக்கம் 2. அதையும் சேர்த்தால் கணக்கு இப்படி ஆகிறது:

```
1.645 × √(9 × 12² + 40² × 2²) = 1.645 × 87.7 ≈ 144
```

வர்க்கமூலத்துக்குள் இருக்கும் இரண்டு பகுதிகளையும் தனித்தனியாகப் பாருங்கள். தேவையின் பங்கு 1,296. தாமதத்தின் பங்கு 6,400. வாடிக்கையாளர் தேவையின் ஏற்ற இறக்கத்தை எப்படியோ பாதியாகக் குறைத்துவிட்டாலும் 144 என்பது 135 ஆகத்தான் குறையும். சப்ளையரின் ஏற்ற இறக்கத்தைப் பாதியாக்கினால் 89 ஆகிவிடும். எனவே முன்கணிப்பு மென்பொருளுக்குச் செலவிடுவதற்கு முன் சப்ளையரிடம் பேசுங்கள். 9 நாளுக்கான சராசரித் தேவை 360. அதனுடன் 144 சேர்ந்த 504-ஐ இருப்பு தொடும்போது ஆர்டர் போட வேண்டும்.

ஓர் எச்சரிக்கை: சரக்கே இல்லாத நாள்களில் பதிவேடு பூஜ்யம் என்று காட்டும். அது விற்பனைதானே தவிர, தேவை அன்று. அந்த நாள்களை நீக்கிவிட்டுச் சராசரியையும் விலக்கத்தையும் கணக்கிடுங்கள்.

ஈரோடு, ஜவுளி மொத்த வியாபாரி: அதிகபட்ச விற்பனையை அதிகபட்ச நாள்களால் பெருக்கி, அதிலிருந்து சராசரியின் பெருக்கலைக் கழித்தால் போதும் என்று எங்கள் கணக்காளர் சொல்கிறார். சரிதானே?

மோசமான நாளையும் தாமதமான சரக்கையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்பதில் அவர் சொல்வது சரி. இரண்டும் ஒரே நேரத்தில் உச்சத்தில் நிற்கும் என்று எடுத்துக்கொள்வதுதான் தவறு. மேலே உள்ள பேரிங்குக்கு அதிகபட்சம் 75, 14 நாள் என்று வைத்தால், 1,050-இலிருந்து 360 போக 690 வரும். அந்த 690 எத்தனை சதவீதச் சேவையைத் தருகிறது என்று கேட்டால் அந்தச் சூத்திரத்திடம் பதில் இல்லை. வழக்கத்துக்கு மாறான ஒரே ஒரு நாள் அதை ஆண்டு முழுவதும் உயர்த்தி வைத்திருக்கும்.

மதுரை, மளிகை விநியோகம்: எக்செல்லில் 1.645 எப்படி வரும்?

`=NORM.S.INV(0.95)`. திட்ட விலக்கத்துக்கு `=STDEV.S(...)`. சரக்கு இல்லாத நாள்களை நீக்கிய பிறகு மட்டும்.

திருப்பூர், நூல் கடை: எங்களுக்கு ஒரு நாளைக்கு 25, சரக்கு வர 6 நாள். எவ்வளவு வைக்கலாம்?

முதல் பதிலைப் படித்துவிட்டு இரண்டு திட்ட விலக்கங்களுடன் வாருங்கள். அவை இல்லாமல் யார் எண் சொன்னாலும் அது ஊகமே.

சென்னை, இஆர்பி ஆலோசகர்: 95 சதவீதம் என்றால் கேட்கும் நூறு பேரிங்கில் 95-ஐக் கொடுத்துவிடுவோம் என்றுதானே பொருள்? அப்படித்தான் வாடிக்கையாளர் ஒப்பந்தங்களில் எழுதுகிறோம்.

இல்லை. இந்தக் குழப்பத்தால் பலர் தேவையில்லாமல் பணத்தைக் கிடங்கில் முடக்குகிறார்கள், வேறு சிலர் காப்பாற்ற முடியாத வாக்கைக் கொடுக்கிறார்கள். நான் கணக்கிட்ட 95 என்பது, நூறு முறை ஆர்டர் போட்டால் 95 முறை, புதுச் சரக்கு வரும்வரை தட்டுப்பாடே வராது என்பதாகும். மீதி ஐந்து முறையில் எத்தனை பேரிங் குறையும் என்பதை அது சொல்வதில்லை. நீங்கள் ஒப்பந்தத்தில் எழுதுவது வேறோர் அளவு, அதற்கு ஒவ்வொரு முறையும் எவ்வளவு ஆர்டர் போடுகிறோம் என்பதும் தேவை.

அதே பேரிங்கில் பாதுகாப்பு இருப்பைப் பூஜ்யமாக வைத்துப் பாருங்கள். ஒவ்வொரு சுற்றிலும் சராசரியாக 35 பேரிங் குறையும். ஒரு தடவைக்கு 1,200 வாங்கினால், அந்த 35 என்பது 3 சதவீதத்துக்கும் குறைவு. அதாவது பாதுகாப்பு இருப்பே இல்லாமல் கேட்டதில் 97 சதவீதத்தைக் கொடுத்துவிடுகிறீர்கள். ஒரு தடவைக்கு 200 மட்டும் வாங்கினால் அதே 35 தேவையின் 17.5 சதவீதம் ஆகிவிடும். ஆகவே வாக்கு எதைப் பற்றியது என்பதை முதலில் எழுத்தில் தீர்மானியுங்கள்.

அதே ஆலோசகர்: ஆனால் பாதிச் சுற்றுகளில் சரக்கு தீர்ந்துபோகுமே! அதை எந்த வாடிக்கையாளர் ஏற்பார்?

பெரும்பாலானோர் ஏற்கமாட்டார்கள். ஒரு பேரிங்குக்காகத் தொழிற்சாலை வரிசை நிற்குமானால், சுற்று அடிப்படையிலான அளவே பொருத்தம். கடைக்காரர் நாளை வாங்கிக்கொள்வார் என்றால், எண்ணிக்கை அடிப்படையிலான அளவு போதும்.

திருச்சி, மருந்துக் கடை: காலாவதியாகும் மருந்துக்கும் இதே கணக்கா?

வாங்கியது விற்றுத் தீருவதற்கு முன் காலாவதியாகும் அபாயம் இல்லையென்றால் இதே கணக்கு. அந்த அபாயம் இருந்தால், தேங்கும் சரக்கின் நஷ்டத்தையும் விட்டுப்போகும் லாபத்தையும் ஒப்பிடும் வேறு கணக்கு தேவை. அதை இங்கே சுருக்கிச் சொல்ல இயலாது.

சேலம், மாதத்துக்கு ஒன்று மட்டும் போகும் கியர்பாக்ஸ் விற்பவர்: இந்தச் சூத்திரத்தில் எனக்குப் பின்னம் வருகிறது.

இவ்வளவு குறைந்த தேவைக்கு இந்தச் சூத்திரம் பொருந்தாது. அரிதாக வரும் தேவையை முழு எண்ணாகவே கணக்கிடும் பாய்சான் பரவலைப் பயன்படுத்துங்கள். சரக்கு வர ஒரு மாதம் ஆகுமானால், கையிருப்பும் வரவேண்டியதும் சேர்த்து எப்போதும் 3 இருந்தால், அந்த மாதத் தேவை அதற்குள் அடங்கும் வாய்ப்பு 98 சதவீதம்.

ஓசூர், உற்பத்தித் திட்டமிடுபவர்: கோவைக்காரரின் 144-ஐ நான் ஏற்கவில்லை. எங்களுக்கும் இப்படியொரு சப்ளையர் உண்டு. ஐந்தில் நான்கு முறை 8 நாளில் தருவார், ஒரு முறை 13 நாள் ஆகும். சராசரி 9, விலக்கம் 2 என்று அதே எண்கள்தான் வரும். ஆனால் 9 நாளில் ஒருபோதும் சரக்கு வராது.

இது இந்தப் பக்கத்தின் மிக முக்கியமான கேள்வி. மணி வடிவப் பரவலை எடுத்துக்கொண்ட கணக்கு உங்கள் நிலையில் பொய்க்கும். 504-இல் ஆர்டர் போட்டால், 8 நாளில் சரக்கு வரும்போது ஒருபோதும் குறையாது. 13 நாள் ஆகும்போது சராசரித் தேவையே 520. எனவே மூன்றில் ஒரு முறைக்குச் சற்று அதிகமாகத்தான் தப்புவீர்கள். இரண்டையும் சேர்த்தால் வாக்குக் கொடுத்த 95-க்குப் பதில் 87 சதவீதமே கிடைக்கும். உண்மையான 95 வேண்டுமென்றால் சுமார் 549-இல் ஆர்டர் போட வேண்டும். பாதுகாப்பு இருப்பு 189 ஆகும். சரக்கு வந்த நாள்களை ஒரு வரைபடமாக இட்டு, இரட்டைக் குன்று தெரிகிறதா என்று பார்த்தால் இது புலப்படும்.

அதே திட்டமிடுபவர்: நான் 189 வைக்கமாட்டேன். ஆறாம் நாள் அனுப்பியதாகத் தகவல் வராவிட்டால் உள்ளூர் வியாபாரியிடம் 100 வாங்கிவிடுவேன்.

உள்ளூரில் கிடைக்கும்வரை அது மலிவான வழிதான். ஆனால் உங்கள் சப்ளையர் தாமதிக்கும் அதே வாரத்தில் உள்ளூர் வியாபாரிக்கும் சரக்கு வராமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு உங்கள் எண்களில் விடை இல்லை. கடந்த தாமதங்களின்போது அவரிடம் எத்தனை முறை கிடைத்தது என்பதை எழுதுங்கள், கணக்கைத் தொடரலாம்.